கோலாலம்பூரில் பத்து மணிக்கூர்

செல்வதாஸ் வேதப்புத்தகத்தின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்யாத குறைதான். "யாருட்டயும் சொல்லமாட்டேன், போதுமா?" என்று தக்கலையில் வீட்டைப் பூட்டும்போதுகூடச் சொன்னார். அதனால்தான், கோலாலம்பூர் விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்த ஜெபகுமாரி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டு நின்ற ஆளைப் பார்த்தபோது, வேறு யாருக்கோ ஆட்டுகிறான் என்று நினைத்தாள்.

"மயினீ! இஞ்ச! இஞ்ச பாருங்க!"

இஸ்ரவேல். செல்வதாசின் சித்தப்பா மகன். குலசேகரத்தில் ரப்பர்த் தொழில்நுட்பம் படித்து, மலேசியாவுக்கு வந்து, கையுறை செய்யும் கம்பெனி ஒன்றில் இருபது வருடமாக இருக்கிறவன்.

ஜெபகுமாரி திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் மேலே தொங்கிய பலகையை மும்முரமாக வாசித்துக்கொண்டிருந்தார். மலாய் மொழி.

"சொன்னீங்களா?"

"ஒரு வார்த்த. வாட்சாப்புல. சும்மா."

"சும்மா என்ன சொன்னீங்க?"

"இன்னிக்கு இந்த நேரத்துக்கு எறங்குறோம், சாயங்காலம் ஆறரைக்குத்தான் அடுத்த பிளைட்டுன்னு."

"வேற என்ன மிச்சம் இருக்கு சொல்லதுக்கு?"

"ஏட்டி, அவனுக்க ஊருக்கு வந்துட்டு அவனுக்க வீட்டுக்குப் போகாம போனா நாளைக்கு நம்ம குடும்பத்துல நான் எப்படி மொகத்துல முழிக்க முடியும்?"

மகள் சுபிதாவுக்கு மெல்பர்னில் பிரசவ நாள் நெருங்கியிருந்தது. டிக்கெட் போடும்போது நடுவில் பத்து மணி நேரம் நிற்கிற இந்த விமானத்தைச் சுபிதா வேண்டாம் என்றாள். ஜெபகுமாரிதான் இதையே போடு என்றாள். முப்பத்தோரு வருடம் மிஷன் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவள் அவள். ஆசிய வரைபடத்தைப் பலகையில் தொங்கவிட்டுக் கோலாலம்பூரில் குச்சியை வைத்து, "கிள்ளான், கோம்பாக் என்று இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில் பிறந்த ஊர். பெயருக்கே சேற்றுக் கூடல் என்றுதான் அர்த்தம்" என்று வருடா வருடம் சொல்லியிருக்கிறாள். சொன்ன எந்த ஊரையும் பார்த்ததில்லை. குச்சி போன இடத்துக்கு ஒரு தடவையாவது கால் போகட்டுமே என்று இருந்தது.

ஆசைப்பட்டதோடு நிறுத்தவில்லை. ஒழுங்காக வேலை செய்திருந்தாள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இப்போதைக்கு விசா வேண்டாம், ஆனால் நாட்டுக்குள்ளே காலெடுத்து வைக்கிறவர்கள் அதற்கு முந்தைய மூன்று நாளைக்குள் இணையத்தில் வருகைப் பதிவு செய்ய வேண்டும் என்று கண்டுபிடித்து, இருவருக்கும் செய்தாள். பெட்டிகளைத் திருவனந்தபுரத்தில் போடும்போது, "மெல்பர்ன் வரைக்கும் நேரே போகும்தானே?" என்று கேட்டு, பெட்டியின் கைப்பிடியில் ஒட்டிய சீட்டைக் கண்ணாடி போட்டு வாசித்தாள். அடுத்த விமானத்தின் போர்டிங் பாஸையும் அங்கேயே வாங்கிவிட்டாள். ரிங்கிட் கொஞ்சம் மாற்றினாள். கைபேசி வெளிநாட்டில் பேசுவதற்கு ரீசார்ஜ் போட்டாள். பிறகு கணக்கைப் பின்னாலிருந்து போட்டாள். விமானம் ஆறரைக்கு என்றால் நான்கு மணிக்கு விமான நிலையத்துக்குள் இருக்க வேண்டும். நகரத்திலிருந்து வருகிற ரயிலுக்கு அரை மணி. ஆகவே மூன்றரைக்கு நகரத்தில் ரயில் ஏறியாக வேண்டும். மழையோ, வெயிலோ, பார்த்ததோ, பாராததோ, மூன்றரைக்குத் திரும்பியாக வேண்டும். காரில் போகக் கூடாது. ரோட்டை நம்ப முடியாது, தண்டவாளத்தை நம்பலாம்.

அப்படிக் கட்டிய கணக்கை இஸ்ரவேல் கார் சாவியால் தட்டிவிட்டான்.

"ட்ரெயினா? எதுக்கு மயினி ட்ரெயின்? கொழுந்தன் காரோட நிக்கேன். ராகேல் காலையில எழும்பிப் புட்டும் பயறும் பப்படமும் ஆக்கி வச்சிருக்கா."

"எங்களுக்கு ஊருக்குள்ள ஒரு எடம் பாக்கணும் இஸ்ரவேலு. அந்த ஆறு ரெண்டும் சேருற எடம்."

"ஆறா?" அவன் சிரித்தான். "குழித்துறை ஆத்தைப் பாத்த கண்ணுக்கு அது ஓடை மயினி. அதுவும் எனக்க வீடு கிள்ளான்லதான். அதே ஆறு எனக்க வீட்டுக்கு அங்ஙன கடல்ல போய் விழுது. காட்டித் தாறேன், வாருங்க."

"சேருற எடம் பாக்கணும்னா, விழுற எடத்தக் காட்டுறேங்கான்" என்று ஜெபகுமாரி கணவரிடம் முணுமுணுத்தாள்.

"தண்ணி தண்ணிதானேட்டி" என்றார் செல்வதாஸ்.

கிள்ளான், நகரத்துக்கு மேற்கே. விமான நிலையத்திலிருந்து போனால் நகரத்தின் பக்கமே போக வேண்டியதில்லை. கார் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஓடியது. ஜெபகுமாரி ஜன்னல் வழியே செம்பனையைப் பார்த்தாள். அரை மணி நேரம் செம்பனையையே பார்த்தாள்.

வீட்டில் இஸ்ரவேலின் மனைவி ராகேல் வாசலுக்கே வந்து கட்டிப்பிடித்தாள். "அக்கா, மெலிஞ்சு போனியளே! அத்தான், வாருங்க!" புட்டு பூப்போல் இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பயறும் பதமாக வெந்திருந்தது. ஜெபகுமாரி சாப்பிட்டுக் கை கழுவும்போது மணி பதினொன்று ஆகப்போகிறது. இப்போது கிளம்பினால்கூடப் போதும். ஒரு மணிக்கு நகரம், இரண்டரை மணி நேரம் நடக்கலாம்.

"ராகேலு, சாப்பாடு கொள்ளாம், நல்ல ருசி. நாங்க எறங்குறோம்."

"எறங்குறியளா?" ராகேல் இஸ்ரவேலைப் பார்த்தாள். "நீங்க சொல்லல்லியா?"

"என்னத்தச் சொல்லல?" என்றாள் ஜெபகுமாரி.

"ஒண்ணுமில்ல மயினி. இன்னிக்கு சனிக்கெழமையில்லியா, எல்லாருக்கும் லீவு. ஊர்லேருந்து அண்ணனும் மயினியும் வாறாங்கன்னு சொன்னதும், நம்ம ஆளுக ஒரு அஞ்சு குடும்பம், ஒரு சின்ன ஜெபக்கூட்டம்..."

சொல்லி முடிக்குமுன் வாசலில் செருப்புகள் சேரத் தொடங்கின. மார்த்தாண்டம், இரணியல், கருங்கல் என்று எல்லாரும் ஊர்ப்பக்கத்து ஆட்கள். செல்வதாசின் முகம் மலர்ந்துவிட்டது. "நீ வில்சனுக்க மகன்தானே? ஒனக்க அம்மாவுக்க ஆங்ஙள, ஒனக்க மாமன், எனக்ககூடப் படிச்சவன்லே!" என்று ஒருவன் தோளைத் தட்டினார். அரை மணி நேரத்தில் அவருக்குக் கிள்ளானில் நாலு பேர் சொந்தம் ஆனார்கள்.

சிலுவைதாசன் என்கிற பெரியவர் ஜெபித்தார். ஜெபகுமாரி நல்ல விசுவாசி. ஜெபத்தின் நடுவில் கண் திறக்காதவள். அன்று நாலு தடவை திறந்தாள். சிலுவைதாசன் பயணிகளுக்காக ஜெபித்தார். விமானத்தை ஓட்டுகிறவருக்காக ஜெபித்தார். இடது எஞ்சினுக்காகவும், பிறகு நினைவு வந்து வலது எஞ்சினுக்காகவும் ஜெபித்தார். சுபிதாவின் பிரசவத்துக்காக, டாக்டருக்காக, மெல்பர்னின் குளிருக்காக. "நேரத்துக்குக் கர்த்தராகிய ஆண்டவரே" என்று அவர் தொடங்கியபோது ஜெபகுமாரி உரக்க "ஆமென்" என்றாள். முடிந்தது என்று நினைத்து எல்லாரும் ஆமென் சொல்லிவிட்டார்கள். சிலுவைதாசன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடி, மிச்சத்தையும் ஜெபித்தார்.

பன்னிரண்டேகால். மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் மேசைக்கு வந்தன.

"இப்பத்தானே தின்னோம்!"

"அது காலக்காப்பி அக்கா. இது மத்தியானத்துக்கு. ஊர்லேருந்து வந்தவிய சோறு தின்னாமப் போனா நல்லாவா இருக்கும்?"

ஜெபகுமாரி கணவரை அடுக்களைப் பக்கம் இழுத்துப் போனாள்.

"நீங்க கண்டிப்பாச் சொல்லுங்க. உங்க தம்பி. நான் சொன்னா மயினிக்குத் திமிருன்னு ஆகிடும்."

"எப்படிட்டி சொல்ல? இவ்வளவு சினேகமா இருக்காங்க. பேசாம இரு. மூணு மணிக்கு இவன் கார்ல கொண்டு விடுவான். இருபது வருஷமா ஓட்டுற ரோடு, அம்பது நிமிஷந்தான்னு சொல்லுதான்."

"மூணு மணிக்கு மழ பெய்யும். இந்த ஊர்ல மத்தியானத்துக்கு மேல மழ பெய்யும். முப்பத்தோரு வருஷம் நான் அதத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தேன். வெப்பச்சலன மழை. அஞ்சு மார்க்கு கேள்வி."

"அதுக்கு?"

"அதுக்கு, ரோட்டுல கார் நிக்கும். பிளைட் நிக்காது."

"நீ வெப்ராளப்படாத."

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்குப் பொறுமை அறுந்தது. வாழ்நாள் முழுக்க நாகர்கோவில் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முந்திப் போய் நிற்கிற மனுஷன். சினிமாவுக்குப் போனால் விளம்பரம் தொடங்குமுன் உட்கார்ந்திருக்க வேண்டும் என்கிற மனுஷன். அவளைப் பார்த்து வெப்ராளப்படாதே, பதறாதே என்கிறார்.

ஜெபகுமாரி கூடத்துக்கு வந்தாள். கைப்பையை எடுத்துத் தோளில் போட்டாள். பாஸ்போர்ட் இரண்டும், போர்டிங் பாஸ் இரண்டும் அதில் இருந்தன. அவருடையதை எடுத்து மேசைமேல், மீன்கறிச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இஸ்ரவேலு, கிள்ளான் ஸ்டேஷன்லேருந்து ஊருக்குள்ள ட்ரெயின் உண்டும்லா? எனக்கு ஸ்டேஷன மட்டும் காட்டித் தா. அண்ணன் இருந்து சோறு தின்னுட்டு வரட்டும். நான் போறேன்."

கருங்கல்காரியின் கையில் கிழங்கு அப்படியே நின்றது.

"மயினி! என்ன மயினி, ட்ரெயின்லயா? நாளைக்கு ஊர்ல என்ன சொல்லுவாங்க? வீட்டுக்கு வந்த மயினிய இஸ்ரவேலு ரயில்ல ஏத்தி விட்டான்னுல்லா சொல்லுவாங்க!"

"அப்ப நீயே கொண்டு விடு. ஊருக்குள்ள. விமான நிலையத்துக்கு இல்ல. அங்கேருந்து நாங்க ரயில்ல போய்க்கிடுவோம்."

கிளம்பவும் லேசில் விடவில்லை. ராகேல் ஒரு பை கொடுத்தாள், வழியில் தின்ன. மார்த்தாண்டத்துக்காரர் ஒரு பை. சிலுவைதாசன் செய்தித்தாளில் சுற்றி, டேப் ஒட்டி, கயிறு கட்டிய ஒரு பொதியை நீட்டினார். "மெல்பர்ன்ல எனக்க மருமகன் சிஜோ இருக்கான். இத அவனுட்ட குடுத்திருங்க. கனமொண்ணும் இல்ல."

"உள்ள என்ன இருக்கு?" என்றாள் ஜெபகுமாரி.

"சாமானம்."

"என்ன சாமானம்? பிரிச்சுக் காட்டிக் கெட்டித் தாருங்க. விமான நிலையத்துல, யாரு கெட்டின பைன்னு கேப்பாங்க. நான் பொய் சொல்லமாட்டேன்."

சிலுவைதாசனின் முகம் சுண்டிவிட்டது. "இவ்வளவு நேரம் ஒங்களுக்காகத்தான் ஜெபிச்சேன்" என்றார்.

செல்வதாஸ் பாய்ந்து பொதியை வாங்கிக்கொண்டார். "அவ அப்படித்தான், டீச்சர் புத்தி. நான் குடுத்திருதேன்."

காரில் ஏறும்போது மணி ஒன்று. ஏறின பத்தாவது நிமிடத்தில் முதல் துளி கண்ணாடியில் விழுந்தது. பிறகு வானம் கொட்டியது. பெரிய சாலையில் பின்விளக்குகள் சிவப்பாக ஒட்டிக்கொண்டு நின்றன. மழை பெய்யும் என்று சொன்னேனே என்று கேட்காமல் இருப்பது ஜெபகுமாரிக்கு வெகு சிரமமாக இருந்தது.

"இது எப்பவும் இப்படி இல்ல" என்றான் இஸ்ரவேல்.

"செரி."

"இன்னிக்கு எங்கயோ ஆக்சிடெண்டா இருக்கும்."

"செரி."

ஒரு மேம்பாலத்தில் ஏறியதும் அவன் உற்சாகமாகக் கையை நீட்டினான். "மயினி, அங்ஙன பாருங்க. ரெட்டக் கோபுரம்!"

மழை மேகத்துக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ இருந்தது. இல்லாமலும் இருக்கலாம்.

"கண்டியளா?"

"கண்டேன்" என்றார் செல்வதாஸ் பின்சீட்டில், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"அப்ப ஊரு பாத்தாச்சு!" என்றான் இஸ்ரவேல். அவன் பகடி செய்யவில்லை. மனதாரத்தான் சொன்னான். அதுதான் ஜெபகுமாரிக்குத் தாங்க முடியவில்லை.

கே.எல். சென்ட்ரல் என்கிற பெரிய ரயில் நிலையத்தில் அவன் இறக்கிவிட்டபோது மணி இரண்டேகால். விமான நிலைய ரயிலும் நகர ரயில்களும் எல்லாம் அங்கேதான் சேர்கின்றன. கார் நிறுத்த இடமில்லை. பின்னாலிருந்து ஒருவன் ஹாரன் அடித்தான். "திரும்பி வரும்போ நாலு நாளு நின்னுட்டுப் போகணும் மயினி, கேட்டியளா!" என்று ஜன்னல் வழியே கத்திக்கொண்டே போனான்.

ஜெபகுமாரி முதல் வேலையாக விமான நிலைய ரயிலுக்கு இரண்டு டிக்கெட் வாங்கினாள். வண்டி இருபது நிமிடத்துக்கு ஒன்று என்று கவுண்டரில் கேட்டு உறுதி செய்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

"இங்கேருந்து ரெண்டாவது ஸ்டேஷன். ஆறு நிமிஷம். போய்ப் பாத்துட்டு வந்துருவோம்."

"பைத்தியமாட்டி ஒனக்கு? இப்பவே வண்டி ஏறுவோம்."

"மூணரைக்கு ஏறினாப் போதும். ஒண்ணேகால் மணிக்கூர் கெடக்கு."

"வழியில ட்ரெயின் நின்னா?"

"மூணு மணிக்குக் கார்ல போதும்னு இருந்தவருதானே நீங்க? அப்ப இந்தப் பயம் எங்க போச்சு?"

"அது நம்ம ஆளு கார். இது அன்னிய நாட்டு ரயில்." அவர் மூன்று பைகளையும் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "இதையெல்லாம் தூக்கிக்கிட்டு எனக்கு வர முடியாது. நீயும் போகண்டாம்."

"நான் போறேன். உங்க பாஸ்போர்ட்டு உங்ககிட்ட. எனக்க பாஸ்போர்ட்டு எனக்ககிட்ட. ரயில் டிக்கெட்ட இன்னா பிடிங்க. மூணரை வண்டிக்கு நான் வரல்லேன்னா நீங்க போங்க, நான் அடுத்ததுல வந்து சேருவேன். இந்தப் பெஞ்ச விட்டு எழும்பாதீங்க. அந்தப் பொதியப் பிரிச்சுப் பாருங்க. என்ன இருக்குன்னு தெரியாம அத விமானத்துல ஏத்தமாட்டேன்."

"நீ தொலஞ்சு போனா?"

"தொலஞ்சு போனா, நிம்மதியா ரெண்டு நிமிஷம் நிப்பேன்."

நகர ரயிலுக்கு டிக்கெட் கொடுக்கிற இயந்திரம் அவளுடைய ஐம்பது ரிங்கிட் நோட்டை நாலு தடவை துப்பியது. சில்லறை நோட்டுதான் தின்னும் போல. ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி நோட்டை மாற்றி வந்து போட்டதும் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் காசு விழுந்தது. அதுதான் டிக்கெட். நுழையும்போது வாசலில் காட்ட வேண்டும். வெளியேறும்போது உள்ளே போட வேண்டும். அவள் அதை உள்ளங்கையில் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மஸ்ஜித் ஜாமெக் என்ற நிலையத்தில் இறங்கினாள். மழை தூறலாகி இருந்தது. கைப்பையைச் சாலைப் பக்கத்துத் தோளிலிருந்து கடைப் பக்கத்துத் தோளுக்கு மாற்றினாள். பைக்கில் வந்து பறிப்பவர்கள் உண்டு என்று ராகேல் எச்சரித்திருந்தாள். இரண்டு பேரிடம் கேட்டாள். ஒருவருக்குப் புரியவில்லை. இன்னொருவர் கையைக் காட்டினார். நடந்தாள்.

கைபேசி அடித்தது.

"எங்க நிக்கே?"

"நடக்கேன்."

"எந்தப் பக்கமா?"

"ஆத்துப் பக்கமா."

"மழ பெய்யுதா?"

"வைங்க போன."

பாலத்தின் கைப்பிடியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். அதோ. இரண்டு பக்கமும் சிமெண்ட் சுவர் கட்டிய இரண்டு வாய்க்கால்கள் இரண்டு திசையிலிருந்து வந்தன. நடுவில் கூர்மையாக நீண்ட நிலத்துண்டின்மேல், தென்னைகளுக்கிடையில், வெள்ளையும் செங்கல் சிவப்புமாக ஒரு பழைய பள்ளிவாசல். அதன் முனைக்கு வந்ததும் இரண்டு தண்ணீரும் ஒன்றாயின. மழையில் இரண்டுமே கலங்கிப்போய்ப் பாலும் டிக்காஷனுமாக ஓடின. எது கிள்ளான், எது கோம்பாக்? வரைபடத்தை மனதில் விரித்தாள். வடக்கு எந்தப் பக்கம்? மேகத்தில் சூரியனையும் காணோம். அவள்...

கைபேசி.

"ஏட்டி, பொதியப் பிரிச்சேன்."

"செரி."

"ஒரு மீன் ஊறுகா பாட்டில். பெருசு. ரெண்டு பொட்டலம் நெத்திலிக் கருவாடு."

"ஊறுகா பாட்டில கைப்பையில விடமாட்டாங்க. நூறு மில்லிக்கு மேல எண்ணெயும் கொழம்பும் போகாது. கருவாட்ட ஆஸ்திரேலியாவுல எழுதிக் குடுக்கணும். நான் இப்ப ஆத்தப் பாக்கட்டா?"

"பாரு, பாரு."

வைத்தாள். ஆற்றைப் பார்த்தாள். இடதுபுறம் வருவது கொஞ்சம் வேகமாக இருந்தது. ஒரு பிளாஸ்டிக் பாட்டில் அதில் மிதந்து வந்து, முனையில் தயங்கிச் சுழன்று, இன்னொரு ஆற்றின் தண்ணீரில் இடித்து, பிறகு ஒரு தீர்மானத்துக்கு வந்தது போல்...

கைபேசி.

"இன்னொரு சின்னப் பொட்டலம் இருக்கு. வித்து. முருங்க வித்தும் பாவக்கா வித்தும்னு நினைக்கேன்."

"வித்தா? ஐயோ, அத அந்த ஊர்ல ஒருக்காலும் விடமாட்டாங்க. எழுதாமக் கொண்டுபோனா அபராதம்."

"அப்ப என்ன செய்ய?"

"குப்பைத் தொட்டியில போடுங்க. பைய அங்ஙன விட்டுட்டுப் போயிராதீங்க, ஆளில்லாத பைன்னு போலீஸ் வந்துரும்."

"தின்னுற சாதனத்த எப்படிட்டிக் குப்பையில போட? சிலுவைதாசன் எவ்வளவு நேரம் ஜெபிச்சாரு!"

"இஞ்ச பாருங்க. வாழ்நாள்ல ஒருக்கா ஒரு எடத்துல நிக்கேன். பத்து நிமிஷம் என்ன விளிக்காதீங்க."

"செரி, செரி. விளிக்கல்ல."

மூன்று நிமிடம் விளிக்கவில்லை. அந்த மூன்று நிமிடம் அவள் ஒன்றும் செய்யவில்லை. கைப்பிடியில் கையை வைத்து நின்றாள். ஈரக் காற்றில் ஏதோ வறுக்கிற மணம் வந்தது. பள்ளிவாசலின் படிகளில் யாரோ ஒருவர் கால் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, சேர்ந்துகொண்டே இருந்தது. இஸ்ரவேல் சொன்னது சரிதான். குழித்துறை ஆற்றின் அகலம்கூட இல்லை. அதனால் என்ன? பெரியதாக இருக்கும் என்று அவள் எந்தப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கவில்லையே. சேர்கிறது என்றுதானே சொன்னாள். சேர்கிறது.

இனி எதிர்க்கரைக்குப் போய் அங்கிருந்து பார்த்தால் திசை பிடிபடும் என்று பாலத்தில் காலை வைத்தாள்.

கைபேசி.

"ஏட்டி, ஒரு நல்ல காரியம். இஞ்ச தரையத் தூத்து வாருற அம்மா தமிழ் பேசுதாங்க. ஊறுகாயும் கருவாடும் மார்த்தாண்டத்துக்காரர் தந்த பையும் அவங்க எடுத்துக்கிட்டாங்க. வித்தையும் வாங்கிக்கிட்டாங்க. அவங்க வீட்டுல எடமிருக்காம்."

"சந்தோசம்."

"நீ கெளம்பிட்டியா? மணி மூணாச்சே."

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று அடித்து நாலு நிமிடம். எதிர்க்கரை அங்கேயே இருந்தது. போகப் பத்து நிமிடம், வரப் பத்து நிமிடம். ரயில் வர எவ்வளவு நேரம் ஆகுமோ. போகலாம் என்று கால் சொன்னது. போட்ட கணக்கு போகக் கூடாது என்றது. மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து அந்தக் கணக்கை உடைத்தார்கள்; மிச்சம் இருந்ததைத் தானும் உடைத்தால், சுபிதா வலியெடுத்துக் கிடக்கும்போது இந்த ஊரில் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் பாலத்திலிருந்து காலை எடுத்தாள். எடுக்கும்போது உரக்கவே சொன்னாள்: "நாசமாப் போக!" யாரை என்று அவளுக்கே தெரியவில்லை. பக்கத்தில் போன பெண் குடையைச் சாய்த்து ஒதுங்கிப் போனாள்.

பெஞ்சுக்கு அவள் வந்தபோது மூன்று இருபது. செல்வதாஸ் எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஒரு பைதான் மிச்சம். அதுவும் ராகேலின் முறுக்கு.

மூன்றரை வண்டியில் ஏறினார்கள். சொன்னபடி அரை மணியில் போய்ச் சேர்ந்தது. முத்திரை குத்துகிற இடத்தில் வரிசை இல்லை. சோதனையில் தண்ணீர் பாட்டிலை மட்டும் எறியச் சொன்னார்கள். பலகையில் பார்த்தார்கள், விமானம் நேரத்துக்குத்தான். கேட்டைக் கண்டுபிடித்துப் போய் உட்கார்ந்தபோது மணி நாலரைகூட ஆகவில்லை. எதிரே காலியான நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. கண்ணாடிக்கு வெளியே அவர்களுடைய விமானம்கூட இன்னும் வந்து நிற்கவில்லை.

செல்வதாஸ் கால்களை நீட்டினார். முறுக்கை எடுத்து ஒரு கடி கடித்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டு மணிக்கூர் கெடக்கு" என்றார்.

ஜெபகுமாரி கைப்பையை மடியில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"நானும் வந்திருக்கலாம்."

அவள் மெதுவாகத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"இல்ல, சும்மாச் சொன்னேன்" என்றார். கொஞ்ச நேரம் முறுக்கு மட்டும் சத்தம் போட்டது. "எப்படி இருந்துச்சு?"

"எது?"

"அந்த ஆறு."

"ரெண்டு ஆறு."

"அதான், ரெண்டும். எப்படி இருந்துச்சு?"

"சொல்லமாட்டேன்."

"போட்டோவாவது எடுத்தியா? காட்டு, பாக்கட்டு."

"எடுக்கல."

"ஏன்ட்டி? அவ்வளவு தூரம் போயிட்டு ஒரு போட்டோகூட எடுக்காமலா வந்தே? கையில போனு இருந்துச்சே!"

"இருந்துச்சு" என்றாள் ஜெபகுமாரி. "காதுலதான் இருந்துச்சு."

அவர் வாயில் வைத்த முறுக்கை எடுத்தார். கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். பையிலிருந்து இன்னொரு முறுக்கை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவரும் கையை மடக்கவில்லை. விமானம் வந்து நிற்கும்வரை அது அப்படியே இருவருக்கும் நடுவில் நின்றது.